உடல் நிறைச் சுட்டெண்: பி.எம்.ஐ. எதைச் சுட்டுகிறது, எதைச் சுட்டவில்லை

ரத்தப் பரிசோதனைக் கூடங்களின் முழு உடல் அறிக்கையில், சர்க்கரைக்கும் கொலஸ்டிராலுக்கும் மேலே, பெரும்பாலும் முதல் வரியிலேயே பி.எம்.ஐ. இடம்பிடித்துவிடுகிறது. பத்திரிகைகள் இதை ‘உடல் நிறை குறியீட்டெண்’ என்று எழுதுகின்றன. இலங்கைத் தமிழில் ‘உடற்திணிவுச் சுட்டி’ என்ற வழக்கு உண்டு. நாம் நிறை என்பதை அங்கே திணிவு என்பார்கள். அங்கே நிறை என்றால் நாம் சொல்லும் எடை. எனக்குப் பிடித்த வடிவம் ‘உடல் நிறைச் சுட்டெண்’. பி.எம்.ஐ. என்பதன் ஆங்கில விரிவு ‘பாடி மாஸ் இண்டெக்ஸ்’. அதன் கடைசிச் சொல்லான ‘இண்டெக்ஸ்’ லத்தீனிலிருந்து வந்தது. லத்தீனில் அதற்குச் சுட்டுவிரல் என்று பொருள். ஏதோ ஒன்றை நோக்கி நீட்டும் விரல்தான் இந்த எண். அது எதை நோக்கி நீள்கிறது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது: உடலின் நிறையை. கொழுப்பு என்ற சொல் பெயரில் எங்கும் இல்லை. ஆனால் அறிக்கையைக் கையில் வாங்கும் எல்லோரும் இதைக் கொழுப்பின் அளவாகத்தான் படிக்கிறோம். உடற்பயிற்சியால் தசை திரண்டவர்களுக்கு இந்த எண் தப்பாகிப்போவது இங்கேதான்.

கணக்கு எளியது. கிலோவில் எடை, அதை மீட்டரில் உள்ள உயரத்தால் ஒருமுறை வகுத்து, வந்ததை மறுபடியும் அதே உயரத்தால் வகுக்க வேண்டும். இதைக் கண்டவர் மருத்துவர் அல்லர். பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் கெட்லே வானியலாளர், புள்ளியியலாளர். ‘சராசரி மனிதன்’ எப்படி இருப்பான் என்பதுதான் அவருடைய தேடல். வளர்ந்த மனிதர்களின் எடை, உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிப் போகிறது என்று 1830-களில் எழுதினார். யார் குண்டு, யார் ஒல்லி என்று தனித்தனியாகப் பிரிப்பது அவர் நோக்கமாக இருக்கவில்லை. நெடுங்காலம் இது ‘கெட்லே சுட்டெண்’ என்றே அழைக்கப்பட்டது.

இன்றைய பெயரை வைத்தவர் அமெரிக்க உடலியல் அறிஞர் ஆன்செல் கீஸ். காப்பீட்டு நிறுவனங்கள் அப்போது உயரத்துக்குத் தக்க எடை என்று பட்டியல்கள் வைத்திருந்தன. அவற்றில் அவருக்கு நம்பிக்கை இல்லை. ஐந்து நாடுகளைச் சேர்ந்த 7,000-க்கும் மேற்பட்ட ஆண்களின் அளவுகளை எடுத்து, எந்த எளிய கணக்கு, உடல் கொழுப்பைக் காட்டும் தோல்மடிப்பின் தடிமனோடு நன்றாக ஒத்துப்போகிறது என்று அவரும் அவருடைய குழுவினரும் பார்த்தார்கள். கெட்லேயின் கணக்கு முன்னால் வந்தது. 1972-ல் வெளியான அந்தக் கட்டுரையில்தான் பி.எம்.ஐ. என்ற பெயர் நிலைபெற்றது. ஆயிரக்கணக்கானோரை ஒப்பிடும் ஆய்வுகளுக்குக் கையடக்கமான ஒரு கருவி அவர்களுக்குத் தேவைப்பட்டது. அந்த வேலையை அது இன்றும் நன்றாகச் செய்கிறது. ஓர் ஊரின் சராசரி பி.எம்.ஐ. பத்தாண்டுகளில் ஏறியிருந்தால், அந்த ஊரில் கொழுப்பு கூடியிருக்கிறது என்று நம்பலாம். ஊரே சேர்ந்து பளு தூக்கத் தொடங்கியிருக்காது. ஒரே ஒருவரை நிறுத்திவைத்து அவர் உடலில் கொழுப்பு எவ்வளவு என்று கேட்பது வேறு கேள்வி.

வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014-லும் 2018-லும் காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ எடைப் பிரிவில் தங்கம் வென்றார். அதே எடையில் 170 செ.மீ. உயரமுள்ள ஒரு பளுதூக்கும் வீரர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 77-ஐ 1.70-ஆல் இருமுறை வகுத்தால் 26.6 வருகிறது. உலக அளவிலான வரம்பின்படி 25-க்கு மேல் அதிக எடை. ஆகவே இவர் அதிக எடை கொண்டவர். இந்தியர்களுக்கு வகுத்திருக்கும் வரம்பு இன்னும் கடுமையானது: 23 முதல் அதிக எடை, 25 முதல் உடல் பருமன். அதன்படி இவர் நேரடியாகப் பருமன் பட்டியலில் விழுகிறார்.

இந்தியர்களுக்கு வரம்பை ஏன் இறக்கினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே பி.எம்.ஐ. உள்ள ஐரோப்பியரைவிட நம்மவர் உடலில் சராசரியாகக் கொழுப்பு கூடுதல், தசை குறைவு. புணேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் பிரிட்டனைச் சேர்ந்த ஜான் யூட்கினும் 2004-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டு இதைக் காட்டினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. யூட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2 சதவீதம். இந்த உண்மையை ஒட்டித்தான் நம் வரம்பு இறங்கியது. பளு தூக்கித் தசை வளர்த்தவருக்கோ அந்தக் காரணம் பொருந்தாது. மற்றவர்களைக் காக்க இறக்கிய கோடு, காரணமே இல்லாமல் இவரைப் பிடித்துக்கொள்கிறது. நம் ஊர் ஜிம்களில் உழைக்கும் இளைஞர்கள் அறிக்கையில் ‘உடல் பருமன்’ என்று படித்துவிட்டுச் சோற்றையும் முட்டையையும் குறைப்பதைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. அப்படிப் பட்டினி கிடந்தால் அரும்பாடுபட்டுச் சேர்த்த தசையும் சேர்ந்தே கரையும்.

எடை இயந்திரத்துக்குத் தசை எது, கொழுப்பு எது என்று தெரியாது. ஒரு லிட்டர் அளவுள்ள தசை ஏறக்குறைய 1.06 கிலோ இருக்கும். அதே அளவு கொழுப்பு 0.9 கிலோதான். ஆகவே ஒரே எடையில் தசைக்காரரின் உடல் குறைந்த இடத்தையே அடைக்கிறது. அந்த இடத்தை, அதிலும் வயிற்றுப் பகுதியில், நேராக அளந்துவிட்டால் பி.எம்.ஐ. தவறவிட்ட செய்தி கைக்கு வந்துவிடும். வயிறு ஏன் என்றால், தொடையிலும் பின்புறத்திலும் தோலுக்கடியில் தங்கும் கொழுப்பு ஒப்பீட்டளவில் சாது. குடலைச் சுற்றியும் கல்லீரலிலும் சேரும் உட்கொழுப்புதான் சர்க்கரை நோய்க்கும் மாரடைப்புக்கும் நெருக்கமானது. அந்தக் கொழுப்பு கூடும்போது வயிற்றின் சுற்றளவும் கூடுகிறது. பளு தூக்குவதால் தோளும் மார்பும் தொடையும் பருக்கும் அளவுக்கு நடுவுடல் பருப்பதில்லை.

இங்கே இன்னொரு சொல்லைச் சரிசெய்தாக வேண்டும். ‘இடுப்பளவு’ என்றுதான் எல்லோரும் எழுதுகிறோம். தமிழில் இடுப்பு என்பது இடுப்பெலும்பு இருக்கும் அகன்ற பகுதியையும் குறிக்கும், அதற்கு மேலுள்ள ஒடுங்கிய பகுதியையும் குறிக்கும். தையல்காரர் பேன்ட்டுக்கு இடுப்பளவு எடுப்பது, பேன்ட் நிற்கும் இடத்தில். தொப்பை உள்ளவருக்கு அது தொப்பைக்குக் கீழே இறங்கிவிடும். பத்தாண்டுகளாக 34 அங்குல பேன்ட்தான் போடுகிறேன் என்று நிம்மதியாக இருப்பவரின் வயிறு உண்மையில் 39 அங்குலம் இருக்கக்கூடும். மருத்துவர்கள் கேட்கும் அளவுக்கு உரிய சொல் ‘இடை’. இடை என்றால் நடு. அளக்க வேண்டிய இடமும் சரியாக நடுவில்தான் இருக்கிறது. ‘இடைச் சுற்றளவு’ என்று எழுதினால் டேப்பை எங்கே வைப்பது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

சட்டையை விலக்கி, பாதங்களைச் சற்று அகட்டி நிமிர்ந்து நில்லுங்கள். பக்கவாட்டில் விரலால் அழுத்தி, கடைசி விலா எலும்பின் அடிவிளிம்பைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து கீழே வந்தால் இடுப்பெலும்பின் மேல்விளிம்பு கெட்டியாகத் தட்டுப்படும். இரண்டுக்கும் நடுவே பேனாவால் ஒரு புள்ளி. இஞ்ச் டேப்பை அந்தப் புள்ளி வழியாகத் தரைக்கு இணையாகச் சுற்றுங்கள். முதுகுப்பக்கம் அது இறங்கியிருக்கிறதா என்று கண்ணாடியிலோ இன்னொருவரை விட்டோ பார்த்துக்கொள்ளுங்கள். டேப் தோலைத் தொட வேண்டும், அமுக்கக் கூடாது. இயல்பாக மூச்சை விட்டு, விட்ட முடிவில் அளவைப் படியுங்கள். வயிற்றை எக்கினால் சில செ.மீ. காணாமல் போய்விடும். மறுபடி அளந்து பாருங்கள், ஒரு செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் டேப் நகர்ந்திருக்கிறது. காலையில் சாப்பிடுவதற்கு முன் எடுப்பது நல்லது. நாள்பட்ட துணி டேப்புகள் இழுபட்டு நீண்டிருக்கும். அவற்றில் அளவு குறைவாகக் காட்டும்.

தெற்காசியர்களுக்கு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. என்பது பரவலாகக் கையாளப்படும் எச்சரிக்கைக் கோடு. ஆனால் 155 செ.மீ. உயரக்காரருக்கும் 185 செ.மீ. உயரக்காரருக்கும் ஒரே கோடு என்பது கொஞ்சம் முரட்டுத்தனம். அதனால் இடையை உயரத்தோடு ஒப்பிடும் முறைதான் எனக்கு மேலாகப் படுகிறது: இடைச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022-ல் இதையே பொதுமக்களுக்குப் பரிந்துரைத்தது. பாதியைத் தாண்டினால் ஆபத்து கூடுகிறது. பத்தில் ஆறு பங்கை எட்டினால் மிகவும் கூடிவிட்டது. டேப் இல்லாவிட்டாலும் கவலையில்லை. உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை ஒரு நூலை அளந்து வெட்டி, இரண்டாக மடித்து இடையைச் சுற்றுங்கள். முனைகள் தொட்டுக்கொண்டால் பாதிக்குள் இருக்கிறீர்கள்.

172 செ.மீ. உயரம், 80 கிலோ எடை. இப்படி இரண்டு பேர் இருந்தால் இருவருக்கும் பி.எம்.ஐ. 27தான். முதலாமவர் ஆண்டுக்கணக்கில் எடைப்பயிற்சி செய்பவர். இடை 80 செ.மீ. உயரத்தில் பாதி 86, ஆகவே உள்ளேயே இருக்கிறார். அவர் உடலில் கொழுப்பு 12 சதவீதம் என்றால் சுமார் பத்து கிலோ. இரண்டாமவர் நாள் முழுதும் நாற்காலியில் இருப்பவர், இடை 98. பாதியைத் தாண்டிப் பன்னிரண்டு செ.மீ. போய்விட்டது. கொழுப்பு 30 சதவீதம் என்றால் 24 கிலோ. அறிக்கையின் முதல் வரி இருவருக்கும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கும்.

இதைப் படித்துவிட்டு, ‘எனக்கு இருப்பதெல்லாம் தசை’ என்று பி.எம்.ஐ.யை ஒதுக்கிவிடக் கூடாது. 30-ஐத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு அது கொழுப்புதான். அந்த அளவுக்குத் தசை சேர்ப்பவர்கள் மிகச் சிலர். முன்பு விளையாடி, பிறகு நிறுத்தியவர்கள் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். கல்லூரியில் கபடி ஆடியபோது இருந்த அதே 80 கிலோ நாற்பது வயதிலும் இருக்கும். தசை போன இடத்தில் கொழுப்பு வந்திருக்கும். பி.எம்.ஐ. அசையாது, இடை மட்டும் ஏறியிருக்கும். பயிற்சியில் இருப்பவர்கள் எடையையும் இடையையும் மாதம் ஒருமுறை ஒரே தாளில் எழுதிவைத்தால் கதை தெளிவாகும். எடை ஏறி இடை அப்படியே இருந்தால் கூடியது பெரும்பாலும் தசை. இரண்டும் சேர்ந்து ஏறினால் சாப்பாட்டைக் கவனிக்க வேண்டிய நேரம்.

இடை அளவும் எல்லோருக்கும் பொருந்திவிடாது. கர்ப்பிணிகளுக்கும், கல்லீரல் கோளாறால் வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கும் இது பயன்படாது. முதியவர்கள் கூன் விழுந்து உயரம் குறைந்திருந்தால் விகிதம் கூடுதலாகக் காட்டும். மிகுந்த எடைப் பிரிவுகளில் போட்டியிடும் வீரர்களுக்கு நடுவுடலும் தடித்தே இருக்கும். தசையா கொழுப்பா என்பதை அவர்களுக்கு எக்ஸ்ரே கொண்டு அளக்கும் டெக்ஸா ஸ்கேன்தான் பிரித்துச் சொல்லும். இடை கோட்டுக்குள் இருந்தாலும் ரத்த அழுத்தமோ சர்க்கரையோ ஏறியிருந்தால், அந்த அளவுகளை வைத்தே மருத்துவர் முடிவெடுப்பார்.