பேச்சு வராதவர் அனுப்பும் வெறும் வாய்ஸ் நோட்

பக்கவாதத்தால் பேச்சு பாதிக்கப்பட்டவர்களுக்கு ஸ்பீச் தெரபி கொடுப்பது என் வேலை. அவர்கள் வீட்டாரின் வாட்ஸ்அப்பில் நான் அடிக்கடி பார்ப்பது ஐந்தாறு விநாடி வாய்ஸ் நோட், உள்ளே ஃபேன் சத்தமோ டிவி சத்தமோ மட்டும், அதற்குக் கீழே பிள்ளைகள் போட்ட பதில்: "ஒண்ணும் கேக்கலப்பா, திரும்பப் பேசுங்க." இந்தப் பதிலைத் தயவுசெய்து அனுப்பாதீர்கள். வார்த்தை வராமல்தான் அவர் விரலை எடுத்திருக்கிறார், அவரால் முடியாத அதே வேலையைத்தான் மறுபடி செய்யச் சொல்கிறீர்கள்.

இந்தப் பாதிப்புக்கு அஃபேசியா என்று பெயர். பெரும்பாலானவர்களுக்கு மொழியைக் கவனிக்கும் பகுதி மூளையின் இடது பக்கம் இருக்கிறது, அங்கே ரத்த ஓட்டம் அடைபட்டால் பேச்சு போகும், பலருக்கு வலது கையும் சேர்ந்து பலவீனமாகும். இதில் ஒரு வகையினருக்கு நாம் பேசுவது ஓரளவு நன்றாகவே புரியும், என்ன சொல்ல வேண்டும் என்பதும் தெளிவாக இருக்கும், வார்த்தை மட்டும் வெளியே வராது. "அப்ப டைப் பண்ணுங்க" என்பதும் உதவாது, ஏனென்றால் எழுதுவதும் பெரும்பாலும் கூடவே பாதிக்கப்பட்டிருக்கும்.

அதனால் பதில் போடும் முன் ஒருமுறை இயர்போனில் கேளுங்கள். மூச்சை இழுத்துவிட்டு நிறுத்துவது, உதடு ஒட்டிப் பிரிவது, "ம்... அ..." என்று தொடங்கி அறுந்துபோவது, இதெல்லாம் இருந்தால் அவர் முயன்றிருக்கிறார் என்று அர்த்தம். வாய்ஸ் நோட்டில் கோடுகள் ஏறி இறங்காமல் கடைசி வரை வெறும் புள்ளிகளாகவே போனால் மைக்கில் சத்தமே விழவில்லை, பழக்கமில்லாத இடது கையால் போனைப் பிடிக்கும்போது விரல் மைக்கை மூடியிருக்கலாம்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன் (அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்). ஓய்வுபெற்ற கண்டக்டர், மகள் வெளியூரில். இவர் அனுப்பினால் ஃபேன் சத்தம், மகள் "திரும்பப் பேசுங்க" என்பார், இன்னும் இரண்டு வரும், அப்புறம் நாள்கணக்கில் ஒன்றும் வராது. அப்பாவுக்குப் போனில் ஆர்வம் இல்லை என்றே மகள் நினைத்திருந்தார். நாங்கள் மாற்றியது பதிலை மட்டும்தான். அடுத்த முறை வந்ததும் மகள் நிதானமாக ஒரு சின்ன வாய்ஸ் அனுப்பினார்: "அப்பா, நீங்க அனுப்புனது வந்துச்சு. உடம்புக்கு ஏதாவதா?" ஆமாம் என்றால் கட்டைவிரல் மேலே, இல்லை என்றால் கீழே, இது நேரில் ஏற்கெனவே பழக்கியிருந்தது. கீழே வந்தது. "வீட்டு விஷயமா?" அதற்கும் கீழே. "என்னைப் பத்தியா?" மேலே. "நான் எப்ப வரேன்னு கேக்கறீங்களா?" மேலே, அதுவும் மூன்று தடவை.

ஒரு நேரத்தில் ஒரே கேள்வி, அகலமானதிலிருந்து குறுகியதற்கு. பதில் வர ஒரு நிமிடம் ஆனாலும் அடுத்த கேள்வியை அனுப்பாதீர்கள், இரண்டும் குழம்பினால் எதற்கு வந்த கட்டைவிரல் என்று உங்களுக்கும் தெரியாது. இன்னொரு சிக்கல், அஃபேசியாவில் ஆமாம் - இல்லை மாறியும் வரும். பணம், மாத்திரை போன்ற விஷயம் என்றால் திருப்பிப் போட்டும் கேளுங்கள். "மாத்திரை போட்டாச்சா?" என்றதற்கு மேலே வந்திருந்தால், கொஞ்சம் கழித்து "மாத்திரை இனிமேதான் போடணுமா?" என்று கேட்டால் கீழே வர வேண்டும். அதற்கும் மேலே வந்தால் அந்தப் பதிலை நம்பாமல் வீட்டில் இருப்பவரைக் கூப்பிடுங்கள்.

கை விஷயத்துக்கு ஒரு சின்ன உதவி: மைக்கை அழுத்தி மேலே தள்ளினால் பூட்டு விழுந்துவிடும், விரலை எடுத்தாலும் ரெக்கார்டிங் ஓடும். இடது கையால் இதைப் பழக்கிவிட்டால் வார்த்தைக்காகக் காத்திருக்க அவருக்கு நேரம் கிடைக்கும்.

இதுவரை சொன்னது பழைய பாதிப்பு உள்ளவர்களுக்கு. நேற்று வரை நன்றாகப் பேசியவரிடமிருந்தோ, பயிற்சியில் தேறி வந்தவரிடமிருந்தோ திடீரென்று மூச்சும் முனகலுமாக ஒன்று வந்தால் கட்டைவிரல் கேள்விகளெல்லாம் வேண்டாம், உடனே வீடியோ கால் போடுங்கள். எடுக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரரை அனுப்புங்கள். வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறதா, இரண்டு கையையும் தூக்கினால் ஒன்று இறங்குகிறதா, பேச்சு குழறுகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் 108. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அடைப்பா கசிவா என்று ஸ்கேன் பார்க்காமல் தெரியாது, அதனால் வீட்டில் இருக்கும் ஆஸ்பிரினைக் கொடுக்க வேண்டாம். கடைசியாக அவர் எப்போது நன்றாக இருந்தார் என்று டாக்டர் கேட்பார். அவர் சரியாகப் பேசி அனுப்பிய முந்தைய வாய்ஸ் நோட்டின் நேரத்தைக் குறித்துக்கொண்டு போய் அப்படியே சொல்லுங்கள்.