பாதியில் நின்ற பயிற்சி: மீதிக் கட்டணம் கேட்கும் கடிதத்தில் தேதியும் கணக்கும்

நீட் பயிற்சி மையம் ஒன்றுக்கு எழுதிய கடிதத்தைச் சரிபார்த்துத் தருமாறு ஒரு தந்தை என்னிடம் வந்தார். ஆசிரியர்கள் அடிக்கடி மாறியது, வகுப்பறையில் மின்விசிறி ஓடாதது, மகளுக்கு மஞ்சள் காமாலை வந்தது என்று நான்கு பக்கங்கள் இருந்தன. மகள் வகுப்பை விட்ட தேதியும், வேண்டிய தொகையும் எங்குமே இல்லை.

குறைகளையெல்லாம் எடுத்துவிடச் சொன்னேன். கற்பித்தல் சரியில்லை என்று எழுதினால் அதை நிரூபிக்கும் பொறுப்பு நம் தலையில் விழும். நடத்தாத மாதங்களுக்கான பணத்தைக் கேட்க அந்தச் சண்டை தேவையில்லை. 'கருணை கூர்ந்து' என்ற சொல்லையும் அடித்தேன்.

மாணவி ஆகஸ்ட் கடைசியில் நின்றுவிட்டாள். கடிதமோ அக்டோபரில்தான் தயாரானது. நின்றுவிட்டதை எப்போது எழுத்தில் தெரிவித்தோம் என்பதையே மையம் பார்க்கும். கிளை மேலாளரிடம் தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது. நல்லவேளையாக, செப்டம்பர் 2 அன்று தந்தை அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும், 'தலைமை அலுவலகத்துக்குச் சொல்கிறேன் சார்' என்ற பதிலும் அழியாமல் இருந்தன. அவற்றின் நகலைக் கடிதத்துடன் இணைத்தோம்.

ஜூன் முதல் மார்ச் வரையிலான 10 மாதங்களுக்கு அவர் கட்டியது 1,00,000 ரூபாயும், அதன் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும். பதிவுக் கட்டணம் 5,000, பாடப் புத்தகங்களுக்கு 10,000 ஆகியவற்றை நாங்களே விட்டுக்கொடுத்தோம். பெற்றுக்கொண்ட பொருளுக்கும் பணம் கேட்டால் முழுக் கோரிக்கையும் வலுவிழக்கும். மீதி 85,000 ரூபாயை மாதத்துக்கு 8,500 என்று பிரித்து, படிக்காத 7 மாதங்களுக்கு 59,500 ரூபாயும், அதற்குரிய வரி 10,710 ரூபாயும் சேர்த்து 70,210 ரூபாய் கேட்டோம்.

'கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது' என்று விண்ணப்பத்தின் பின்பக்கம் அச்சிட்டிருந்ததைப் பார்த்துத்தான் அவர் முதலில் தயங்கினார். நடத்தாத வகுப்புகளுக்கு இத்தகைய நிபந்தனையை நுகர்வோர் ஆணையங்கள் பல வழக்குகளில் ஏற்கவில்லை. இடையில் விலகுபவருக்கு மீதிக் காலத்துக்கான தொகையை 10 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று மத்திய கல்வி அமைச்சகத்தின் 2024 வழிகாட்டு நெறிமுறையும் சொல்கிறது. ஆனால் அது தனிச் சட்டமல்ல என்பதால், கடிதத்தில் துணைக்கு மட்டுமே அதைக் குறிப்பிட்டேன். பணம் வராவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையத்தை நாடுவோம் என்று ஒரே வரியில் முடித்து, விரைவு அஞ்சலில் அனுப்பினோம். அந்தப் புகாருக்கு 2 ஆண்டுக் காலவரம்பு உண்டு.

அடுத்த ஆண்டு வகுப்பில் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்வதாக மையம் முதலில் சொன்னது. மறுத்தோம். பிறகு, வரியை அரசுக்குக் கட்டிவிட்டதால் 59,500 மட்டும் தருவதாகவும், 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற ரசீதில் கையெழுத்திடுமாறும் கேட்டார்கள். அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரை முதலில் போட்ட ரசீதுத் தொகையைக் குறைக்கும் கடன் குறிப்பு வழங்கி வரியைச் சரிக்கட்டிக்கொள்ள அவர்களுக்கு வழியிருப்பதை எழுதி, ரசீதில் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பினோம். இரண்டு வாரம் கழித்து முழுத் தொகைக்கும் காசோலை வந்தது.