ஹராமி, ட்வீஸர், என்கல்ஃபிங்: மூன்றாம் நாளுக்காகக் காத்திருக்கும் திரிகள்

ஹராமி ஜப்பானியச் சொல், பங்கு விலையின் மெழுகுதிரி வரைபடத்தில் விழுகிற ஓர் அமைப்பின் பெயர். ‘ஹராமு’ என்றால் சூல் கொள்ளுதல், அதிலிருந்து வந்த பெயர் ஹராமி. ஜப்பானியர் இதை முழுமையாக ‘ஹராமி ஆஷி’ என்பார்கள். ஆஷி என்றால் கால். விலை வரைபடத்தில் நாம் ‘பார்’ என்று சொல்கிற ஒவ்வொரு கோடும் அவர்களுக்கு ஒரு கால். உருதுவிலும் ஹிந்தியிலும் இதே ஒலியில் ஒரு வசைச்சொல் இருக்கிறது. அது அரபியின் ‘ஹராம்’ வழி வந்தது. இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. ஆனாலும் கொழும்பில் பஸ்ஸில் நின்றுகொண்டு “மச்சான், ஹராமி விழுந்திருக்கு, வாங்கலாமா?” என்று போனில் சத்தமாகக் கேட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். தமிழ்ச் சொல் தேடுவதற்கு அதுவே போதுமான காரணம்.

உருவத்தைப் பார்த்தால் பெயர் புரிந்துவிடும். முதல் நாள் நீளமான உடல். இரண்டாம் நாள் சின்ன உடல், முதல் நாளின் உடலுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. தாயின் வயிற்றில் பிள்ளை. உடல் என்பது திறந்த விலைக்கும் மூடிய விலைக்கும் இடைப்பட்ட தடித்த பகுதி; மூடியது கீழே என்றால் சிவப்பு, மேலே என்றால் பச்சை. மேலும் கீழும் நீளும் மெல்லிய கோடுகளை நிழல் என்கிறோம். ஹராமியில் உடல் உடலுக்குள் இருந்தால் போதும். நிழல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் அது ஹராமிதான். இதனால்தான் ‘உள்ளடங்கு திரி’ என்ற மொழிபெயர்ப்பு எனக்குச் சரிப்படவில்லை. நிழலோடு சேர்த்து முழு நாளும் முந்தைய நாளுக்குள் அடங்குகிற ‘இன்சைட் பார்’ வேறொன்று, இரண்டும் குழம்பிவிடும். இங்கே நாம் கேண்டிலை மெழுகுதிரி என்றுதானே சொல்கிறோம்? ஆகவே ‘சூல்திரி’ என்பேன். சூல் பழைய சொல், பயிருக்கும் மேகத்துக்கும்கூடப் பொருந்துகிற சொல், மருத்துவ வாடை இல்லை.

என்கல்ஃபிங்குக்கு ஜப்பானியர் வைத்த பெயர்களில் ஒன்று ‘ட்சுட்சுமி’, அதாவது சுற்றிப் பொதிதல். ஆங்கிலக்காரர் அதை விழுங்குவதாகப் பார்த்தார்கள். இரண்டாம் நாளின் உடல் முதல் நாளின் உடலை முழுக்க மூடிவிடுகிறது, நிறமும் எதிர்நிறம். ‘விழுங்குதிரி’ என்றால் எல்லாருக்கும் விளங்கும். ட்வீஸர், ஜப்பானிய மொழியில் ‘கெனுகி’, மயிர் பிடுங்கும் சாமணம். இரண்டு திரிகளின் அடிநுனியோ மேல்நுனியோ ஒரே விலையில் நின்றால் சாமணத்திரி. இதில் உடலின் அளவோ நிறமோ நிபந்தனை இல்லை, நுனி மட்டும்தான் கணக்கு. எனவே ஒரே சோடித் திரிகள் சூல்திரியாகவும் சாமணத்திரியாகவும் இருக்கலாம். விழுங்குதிரியாகவும் சாமணமாகவும் இருக்கலாம். மூன்றையும் தனித்தனிப் பெட்டிகளில் அடைத்துப் படிக்கிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

சரி, இவற்றில் எது எவ்வளவு சொல்கிறது?

ஒரு கற்பனைப் பங்கை எடுத்துக்கொள்வோம். 100 ரூபாவிலிருந்து சில வாரங்களாக இறங்கி வருகிறது. திங்கட்கிழமை 84.00இல் திறந்து 80.50இல் மூடுகிறது. அன்றைய உச்சம் 84.40, அடி 79.80. நீண்ட சிவப்பு உடல். செவ்வாய்க்கிழமை 81.20இல் திறக்கிறது, 82.40 வரை ஏறுகிறது, நடுவில் 79.80ஐத் தொட்டுத் திரும்புகிறது, 82.00இல் மூடுகிறது. 81.20 முதல் 82.00 வரையான சின்னப் பச்சை உடல் திங்களின் உடலுக்குள் இருக்கிறது: சூல்திரி. இரண்டு நாளும் அடி 79.80: சாமணமும்தான்.

இப்போது இரண்டு நாளையும் ஒரே திரியாகச் சேர்த்துப் பாருங்கள். திறந்தது 84.00, மூடியது 82.00. இன்னும் சிவப்பு! ஹராமியை எப்போது சேர்த்துப் பார்த்தாலும் முதல் நாளின் நிறமே மிஞ்சும், ஏனென்றால் இரண்டாம் நாளின் மூடல் முதல் உடலுக்குள்ளேயே கிடக்கிறது. விற்றவர்கள் இன்னும் தோற்கவில்லை, மூச்சு வாங்குகிறார்கள், அவ்வளவுதான்.

அதே செவ்வாய் 80.20இல் திறந்து 84.60இல் மூடியிருந்தால் அது விழுங்குதிரி. சேர்த்துப் பார்த்தால் 84.00இல் திறந்து 84.60இல் மூடிய ஒரு பச்சைத் திரி, கீழே 79.80 வரை நீண்ட நிழல். திங்கள் முழுக்க விற்றவர்கள் எல்லாரும் செவ்வாய் மாலையில் நட்டத்தில் நிற்கிறார்கள். திருப்பம் அந்த இரண்டாம் நாளிலேயே நடந்துவிட்டது. ஹராமியில் அந்த வேலை மூன்றாம் நாளுக்கு மிஞ்சுகிறது. இரண்டையும் ஒரே கனத்தில் வைத்து ‘ரிவர்சல் கேண்டில்’ என்று ஒரே பட்டியலில் போடுவது பெரிய அநியாயம்.

அப்படியானால் புதன்கிழமை எதைப் பார்க்க வேண்டும்? முதல் படி: புதனின் மூடல் செவ்வாயின் உச்சமான 82.40க்கு மேல் இருக்க வேண்டும். இரண்டாம் படி இன்னும் கடுமையானது: திங்களின் திறப்பான 84.00க்கு மேல் மூட வேண்டும். அப்போது மூன்று நாளும் சேர்ந்த திரி பச்சையாகிவிடும், விழுங்குதிரி இரண்டு நாளில் செய்ததை இது மூன்று நாளில் செய்து முடிக்கிறது. இந்த மூன்று நாள் அமைப்பை ‘த்ரீ இன்சைட் அப்’ என்பார்கள். செவ்வாயின் மூடலுக்கு மேல் மூடினாலே போதும் என்று கொள்கிறவர்களும் உண்டு. எனக்கு அது மெத்தனமாகப் படுகிறது. எந்த நாளிலாவது 79.80க்குக் கீழே மூடிவிட்டால் சூலும் இல்லை, சாமணமும் இல்லை. பழைய இறக்கம் தொடர்கிறது.

இங்கே ‘மூடல்’ என்ற சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டும். புதன் காலை 11 மணிக்கு விலை 83.60ஐத் தொட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் அழகான பச்சை. ஆனால் பிற்பகல் 2.30க்குக் கொழும்புச் சந்தை முடியும்போது 81.90. மேலே நீண்ட நிழல், உறுதிப்படுத்தல் எதுவும் இல்லை. 83.60இல் விற்கக் காத்திருந்தவர்கள் விற்றுவிட்டார்கள் என்பதுதான் அந்த நிழல் சொல்கிற செய்தி. தொட்டதை நம்பி வாங்கியவர் ஒரே நாளில் இரண்டு ரூபாவுக்குக் கிட்டக் கீழே நிற்பார். கடைசிச் சில நிமிடங்களில் நிலைமையைப் பார்த்து வாங்கலாம், இல்லாவிட்டால் மறுநாள் 9.30க்கு வாங்கலாம். மறுநாள் திறக்கும் விலையே வெகு மேலே இருந்தால் விட்டுவிடவும் தெரிய வேண்டும்.

சாமணத்துக்குக் கேள்வி கொஞ்சம் வேறு. ஒரே விலையில் இரண்டு தரம் வாங்குகிறவர்கள் வந்தார்கள் என்பதுதான் அதன் முழுச் செய்தி. எனவே புதனன்று அந்த 79.80 மறுபடி உடையாமல் இருக்கிறதா என்பது முதலில், சோடியின் உச்சத்துக்கு மேல் மூடுகிறதா என்பது அப்புறம். நம் உதாரணத்தில் திங்களின் உச்சம் 84.40 என்பதால், சாமணத்தை மட்டும் வைத்துப் பார்ப்பவருக்கு அதுவே கோடு. விலை குறைந்த பங்குகளில் இந்த அமைப்பை நான் பார்ப்பதே இல்லை. 4.50 ரூபாப் பங்கு பத்துச் சதம் பத்துச் சதமாக நகர்கிறது. ஒரு படியே 2 சதவீதத்துக்கு மேல். அங்கே இரண்டு நாள் அடி ஒன்றாக இருப்பது அதிசயமே இல்லை, வேறு விலை இருக்கவே இடமில்லாததால் வந்த பொருத்தம்.

விழுங்குதிரிக்கும் அடுத்த நாள் பார்ப்பது உண்டு, ஆனால் எதிர்பார்ப்பு தலைகீழ். அது மேலும் ஏறவேண்டும் என்றில்லை, விட்டுக்கொடுக்காமல் இருந்தால் போதும். 80.20 முதல் 84.60 வரையான உடலின் நடு 82.40. மூன்றாம் நாள் அதற்குக் கீழே மூடினால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். நடுவுக்குக் கிட்டே குறைந்த கைமாற்றத்தோடு இறங்கி நின்றால் அதுவே நல்ல வாங்கும் இடம், ஏனென்றால் 84.60இல் வாங்கினால் விலை விழுந்தால் விற்று வெளியேறுவதற்காக 79.80க்குக் கீழே வைக்கிற நிறுத்தம் கிட்டத்தட்ட ஐந்து ரூபா தூரத்தில் இருக்கிறது.

கைமாற்றம் என்றதும் இன்னொன்று. கொழும்பில் பல பங்குகளில் ஒரு நாளைக்குச் சில ஆயிரம் பங்குகள்கூடக் கைமாறுவதில்லை. அப்படிப்பட்ட பங்கில் இரண்டாம் நாள் உடல் சின்னதாக இருப்பது விற்பனை ஓய்ந்ததால் அல்ல, யாருமே வராததால். நாளின் திறப்பு விலையையே நூறு பங்கு வாங்கிய ஒருவர் தீர்மானித்திருக்கலாம். போயாவுக்கு முந்திய நாள் விழுகிற சூல்திரியையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும்: பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பார்கள், ‘அடுத்த பார்’ விடுமுறை முடிந்துதான் வரும். மூன்றாம் நாளின் கைமாற்றம் முதல் இரண்டு நாளையும் விடக் கூடியிருந்தால்தான் அந்த மூடலுக்கு மதிப்பு.

உச்சியில் விழுகிற சூல்திரிக்கு எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் இங்குள்ள சாதாரண முதலீட்டாளர் இல்லாத பங்கை விற்று இறக்கத்தில் சம்பாதிக்கப் போவதில்லை. கையில் இருப்பதை வைப்பதா விற்பதா என்பதே கேள்வி. அங்கே நான் இவ்வளவு கடுமையாக இருக்கமாட்டேன். மூன்றாம் நாள் செவ்வாயின் அடிக்குக் கீழே மூடினாலே பாதியைக் கழற்றிவிடலாம்.

கடைசியாகச் செலவு. தரகு, வரி, கட்டணம் எல்லாம் சேர்த்து வாங்கும்போது 1.12 சதவீதம், விற்கும்போது 1.12 சதவீதம். புதன் 83.30இல் மூடி, நீங்கள் அதே விலையில் வாங்கினால், கைப்பணம் திரும்புவதற்கே 85.20 வேண்டும். பல பாடங்களில் முதல் இலக்காகச் சொல்லப்படுகிற திங்களின் திறப்பு, 84.00, இங்கே நட்டம். 79.70இல் வெளியேற நேர்ந்தால் செலவோடு ஒரு பங்குக்கு 5.43 போகும், அதே அளவு இலாபம் பார்க்க விலை 90.70ஐத் தொட வேண்டும். பழைய வரைபடத்தில் 88, 89 ரூபாவில் விற்பனையாளர்கள் குவிந்து நின்ற இடம் தெரிந்தால், மூன்றாம் நாள் எவ்வளவு அழகாக உறுதிப்படுத்தினாலும் அந்தப் பங்கை நான் விட்டுவிடுவேன்.