செக் திரும்பினால் பணத்தை வசூலிப்பது எப்படி: 30, 15, ஒரு மாதம்

வாடிக்கையாளர் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பிவிட்டால், "அடுத்த வாரம் கண்டிப்பா தர்றேன்" என்ற பேச்சுதான் முதலில் வரும். அதை நம்பலாம், தப்பில்லை. ஆனால் இந்தியாவில் செலாவணி முறிச் சட்டத்தின் 138-வது பிரிவில் நாள் கணக்கு ஓடத் தொடங்கிவிடும். நினைவூட்டல் அந்தக் கணக்கை நிறுத்தாது.

ஒரு உதாரணம். செக்கின் தேதி மார்ச் 2, தொகை 80,000 ரூபாய். செக் திரும்பியதைச் சொல்லும் வங்கியின் ரிட்டர்ன் மெமோ மார்ச் 10-ல் கைக்கு வருகிறது. அன்றிலிருந்து 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 9-க்குள், பணம் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். போனில் கேட்டது நோட்டீஸ் ஆகாது. ஒன்றிரண்டு நினைவூட்டலோடு நிறுத்தி, மார்ச் 20 வாக்கில் நோட்டீஸை ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிடுவது நல்லது. ரசீதும் டெலிவரி விவரமும் பத்திரம். சரியான முகவரிக்குப் போன தபாலை வாங்க மறுத்தாலும், பொதுவாக அது சேர்ந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும்.

மார்ச் 24-ல் அவருக்கு நோட்டீஸ் கிடைத்தால், பணம் கட்ட 15 நாள், ஏப்ரல் 8 வரை. அதற்கு முன்பே புகார் கொடுத்தால் செல்லாது. ஏப்ரல் 9-லிருந்து ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் புகார் தர வேண்டும். எந்த ஊர் நீதிமன்றம்? செக்கை உங்கள் கணக்கில் போட்டிருந்தால், அந்தக் கணக்கு இருக்கும் கிளையின் எல்லைக்கு உட்பட்டது. குற்றம் நிரூபணமானால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப்போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

பலர் சறுக்குவது பகுதிப் பணத்தில்தான். செக் கொடுத்த பிறகு அவர் 30,000 ரூபாய் அனுப்பிவிட்டார் என்று வையுங்கள். வரவைக் குறிக்காமல் 80,000-க்கே செக்கைப் போட்டு, அதே தொகையை நோட்டீஸிலும் கேட்டால், கடன் அவ்வளவு இல்லையே என்று வழக்கு விழுந்துவிடும். வந்ததைச் செக்கின் மேலேயே குறித்துவிட்டு மீதியை மட்டும் கேட்க வேண்டும். இல்லையென்றால் மீதிக்குப் புதுச் செக் வாங்குவதே சுலபம்.

நோட்டீஸ் நாள் தவறிவிட்டதா? செக்கின் தேதியிலிருந்து 3 மாதம் முடியவில்லை என்றால் மறுபடி வங்கியில் போடலாம். மீண்டும் திரும்பினால் புதிய 30 நாள் கிடைக்கும். அந்த 3 மாதமும் போனால் 138 கிடையாது; சிவில் வழக்குதான். அதற்குப் பொதுவாகக் கடனை அவர் திருப்பித் தர வேண்டிய நாளிலிருந்து 3 ஆண்டு அவகாசம்.

எப்போது விடுவது? அவர் பேரில் சொத்தோ வருமானமோ இல்லை, தொகை வக்கீல் செலவைத் தாண்டாது என்றால் நோட்டீஸோடு நிறுத்துவதே லாபம் என்பேன். சரக்கில் குறை என்று அவர் முன்பே எழுத்தில் சொல்லியிருந்தால் வழக்கு இழுக்கும்; அங்கே தொகையைக் குறைத்துப் பேசி முடிக்கப் பாருங்கள்.