860-ஆ, 450-ஆ? நாட்டு வருமானக் கணக்கில் இருமுறை நுழையும் மதிப்பு

பல வருடங்களாகப் பொருளியல் விடைத்தாள் திருத்துகிறேன். "இருமுறை கணக்கிடுதல் என்றால் என்ன?" என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் சரியாக எழுதிவிடுவார்கள். இடைநிலைப் பொருளின் மதிப்பு இறுதிப் பொருளின் விலைக்குள்ளேயே இருக்கிறது, அதைத் தனியாகவும் கூட்டக் கூடாது என்று மனப்பாடமாக வரும். அடுத்த பக்கத்தில் கணக்காகக் கொடுத்தால், அதே மாணவர் அதே தவறைச் செய்திருப்பார். சில நேரம் அந்தத் தவறுக்குப் பயந்து, கூட்ட வேண்டியதையும் வெட்டியிருப்பார்.

நான் வகுப்பில் போடும் கணக்கு இது. எண்கள் எல்லாம் ஏதோ ஒரு பண அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். எளிமைக்காக, விவசாயி வெளியிலிருந்து எதையும் வாங்கவில்லை.

விவசாயி 100-க்குப் பருத்தி விளைவிக்கிறார். அதில் 80 நூற்பாலைக்குப் போகிறது, 20 தலையணைக்காக நேராக வீடுகளுக்குப் போகிறது. ஆலை 200 மதிப்புள்ள நூல் நூற்கிறது. 150-க்கு நெசவாலை வாங்குகிறது, 50 விற்காமல் கிடங்கில் கிடக்கிறது. நெசவாலை 260-க்குத் துணி நெய்கிறது. 180 தையலகத்துக்கு, 80 வீடுகளுக்கு. தையலகம் 300-க்கு ஆடை தைத்து முழுவதையும் வீடுகளுக்கு விற்கிறது.

நாலு உற்பத்தியையும் அப்படியே கூட்டினால் 100 + 200 + 260 + 300 = 860. இதுதான் தவறான விடை. இதில் பருத்தி, பருத்தியாக ஒரு தடவை, நூலுக்குள் ஒரு தடவை, துணிக்குள் ஒரு தடவை, ஆடைக்குள் இன்னொரு தடவை வருகிறது. பெயர்தான் இருமுறை, சங்கிலி நீளமாக இருந்தால் மூன்று, நான்கு முறைகூட நடக்கும்.

860 ஏன் தவறு என்பதை மனதில் பதிய வைக்க நான் ஒரே ஒரு மாற்றம் செய்வேன். நூற்பாலையும் நெசவாலையும் ஒரே நிறுவனமாக இணைந்துவிட்டன. பருத்தியும் அதே, துணியும் அதே, வேலை செய்கிற ஆட்களும் அதே. ஆனால் 150-க்கு நடந்த நூல் விற்பனை இப்போது ஒரே கட்டடத்துக்குள் நடக்கும் இடமாற்றம், விற்பனையாகப் பதிவாகாது. கூட்டிப் பாருங்கள், 860 இருந்த இடத்தில் 710 வரும். நாட்டில் ஒரு முழத் துணிகூடக் குறையவில்லை, கணக்கில் மட்டும் 150 காணாமல் போயிற்று. பொருள் எத்தனை கை மாறியது என்பதை வைத்து ஏறி இறங்கும் ஒரு தொகை, எவ்வளவு உற்பத்தியானது என்பதை எப்படிச் சொல்லும்?

சரி, இப்போது ஒவ்வொருவரும் புதிதாகச் சேர்த்த மதிப்பை மட்டும் எடுப்போம். விவசாயி 100. ஆலை 200 − 80 = 120. நெசவாலை 260 − 150 = 110. தையலகம் 300 − 180 = 120. மொத்தம் 450. ஆலைகளை இணைத்தாலும் பிரித்தாலும் இந்த 450 அசையாது.

இறுதிப் பொருள் வழியாகப் போனாலும் இதே விடை வர வேண்டும். இங்கேதான் விடைத்தாளில் 300 என்று எழுதியிருப்பார்கள். கடைசியில் நிற்பது ஆடை, ஆகவே அதுதான் இறுதிப் பொருள் என்ற எண்ணம். "இறுதி" என்ற சொல்லே கொஞ்சம் ஏமாற்றுகிறது. பருத்தி எப்போதும் இடைநிலைப் பொருள், ஆடை எப்போதும் இறுதிப் பொருள் என்று பிறப்பிலேயே எழுதி வைக்கவில்லை. யார் வாங்கினார்கள், எதற்கு வாங்கினார்கள் என்பதுதான் தீர்மானிக்கிறது. தலையணைக்குப் போன 20 பருத்தி இறுதிப் பொருள். வீட்டுக்குப் போன 80 துணியும் அப்படியே. கிடங்கில் கிடக்கும் 50 நூல் இந்த வருடம் எந்தத் துணிக்குள்ளும் போகவில்லை. ஆகவே அது சரக்கிருப்பு அதிகரிப்பாக, முதலீட்டுக் கணக்கில் சேரும். 20 + 80 + 300 + 50 = 450. இரண்டு வழியும் ஒத்துப்போகாவிட்டால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். விடை 400 என்று வந்தால் முதலில் கிடங்கைப் பாருங்கள். பெரும்பாலும் அந்த 50-தான் விட்டுப்போயிருக்கும்.

இதுவரை புரிந்தவர்களையும் சறுக்க வைக்கும் இடம் ஒன்று உண்டு. நெசவாலை 150-க்கு வாங்கிய நூலில் 120-ஐ மட்டும் பயன்படுத்தி அதே 260 துணியை நெய்தது, 30 மிச்சம் என்று கேள்வியை மாற்றுகிறேன். இடைநிலை நுகர்வு என்பது உற்பத்தியில் உண்மையில் தீர்ந்துபோனதன் மதிப்பு, ஐ.நா., உலக வங்கி, பன்னாட்டு நிதியம் எல்லாம் சேர்ந்து வெளியிட்ட 2008-ஆம் ஆண்டின் தேசியக் கணக்கு முறையும் அப்படித்தான் வரையறுக்கிறது. ஆகவே 260 − 120 = 140. வாங்கிய 150-ஐயும் முழுதாகக் கழிக்கலாம், ஆனால் அப்போது மிச்ச 30-ஐச் சரக்கிருப்பில் கூட்ட வேண்டும்: 260 + 30 − 150. அதுவும் 140.

இரண்டில் எதை எடுத்தாலும் சரி, கலக்கக் கூடாது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்தான் இங்கே 260 + 30 − 120 = 170 என்று எழுதுவார்கள். கழிக்காமல் விட்டபோதே அந்த 30 உள்ளே இருக்கிறது. சரக்கிருப்பு என்று பெயர் மாற்றி மறுபடியும் நுழைந்துவிட்டது. இந்த வகை இரட்டிப்பைக் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் ஒவ்வொரு வரியும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத் தெரியும். இறுதிப் பொருள் வழியில் சரிபார்த்தால் 20 + 80 + 300 + 50 + 30 = 480. மதிப்புக்கூட்டு வழியில் 510 வந்திருக்கும். அந்த 30 வித்தியாசமே காட்டிக்கொடுத்துவிடும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. தையல்காரர்களின் கூலியையும் "செலவுதானே" என்று கழித்துவிடுவார்கள். கூலி, நில வாடகை, வட்டி, லாபம் எல்லாம் அந்தக் கூட்டப்பட்ட மதிப்பிலிருந்தே பங்கிடப்படுபவை; கழித்தால் வருமானத்தையே வெட்டியதாகும். தையல் இயந்திரத்தையும் இடைநிலைப் பொருளாகக் கழிக்காதீர்கள். அது பல வருடம் உழைக்கும் மூலதனப் பொருள். அதன் தேய்மானம் நிகர மதிப்புக்குப் போகும்போது தனியாக வரும். துணியும் நூலும் பொத்தானும் கடை மின்சாரமும்தான் இடைநிலைச் செலவு.

அப்புறம், முதல் கணக்கில் கிடங்கில் விட்ட அந்த 50 நூல். அடுத்த வருடம் நெசவாலை அதை 50-க்கே வாங்குகிறது. ஆலையின் விற்பனை 50 என்று கேள்வியில் கொடுத்தவுடன், அதை உற்பத்தியாகச் சேர்க்கக் கை துறுதுறுக்கும். ஆனால் தொடக்கச் சரக்கிருப்பு 50, இறுதிச் சரக்கிருப்பு பூஜ்யம், மாற்றம் −50. விற்பனையோடு சேர்த்தால் இந்த நூலுக்காக ஆலையின் இந்த வருட உற்பத்தி பூஜ்யம். நெசவாலையோ வழக்கம்போல் அந்த 50-ஐத் தன் துணி மதிப்பிலிருந்து கழித்துக்கொள்ளும். இந்தக் கேள்விகளில் தொடக்கச் சரக்கிருப்பு பெரும்பாலும் கடைசி வரியில், ஒட்டாமல் நிற்கும். படிக்கும்போதே அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிடுங்கள்.