ஐந்து பக்கெட் நிறுத்தால் ஏன் நான்கால் வகுக்க வேண்டும்?

கொழும்பில் தேயிலை பொதி செய்யும் தொழிற்சாலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பகுதியில் வேலை செய்கிறேன். மணிக்கொரு தடவை நிரப்பும் மெஷினிலிருந்து ஐந்து பக்கெட்டை எடுத்து நிறுத்து, சராசரியையும் நியம விலகலையும் தாளில் எழுதுவது எங்கள் வழக்கம். ஒரு நாள் காலை, பயிற்சிக்கு வந்திருந்த தங்கச்சி ஒருத்தி இரவு ஷிப்ட் தாளோடு என்னிடம் வந்தாள். "அக்கா, நிறை அஞ்சும் அதேதான். அவர் 1.41 எண்டு எழுதியிருக்கிறார், எனக்கு 1.58 வருது. நான் எங்கயும் பிழை விட்டிட்டேனா?"

இரண்டு பேரின் கூட்டல் கழித்தலிலும் பிழையில்லை. 100 கிராம் பக்கெட் ஐந்தின் நிறைகள் 101, 103, 100, 104, 102. சராசரி 102. அதிலிருந்து விலகல்கள் −1, 1, −2, 2, 0. அவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 10. அதை 5ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.41, 4ஆல் வகுத்து எடுத்தால் 1.58. அவர் கல்குலேட்டரில் σx ஐ எடுத்திருக்கிறார், இவள் sx ஐ எடுத்திருக்கிறாள்.

இந்த வித்தியாசம் தாளோடு நின்றுவிடுவதில்லை. பக்கெட்டில் 100 கிராம் என்று அச்சிட்டிருப்பதால், நிரப்பும் அளவை 100க்கு மேலே நியம விலகலின் இரு மடங்கு தள்ளி வைக்கிறோம். 1.41ஐ நம்பினால் 102.82, 1.58ஐ நம்பினால் 103.16. மெஷினின் உண்மையான நியம விலகல் 1.58 ஆக இருந்து, நிறைகளும் செவ்வன் பரம்பலில் இருந்தால், இரண்டாவது அமைப்பில் ஆயிரம் பக்கெட்டுக்கு சுமார் 23 நிறை குறைந்து போகும். முதலாவதில் அது சுமார் 37. காசு கொடுத்து வாங்குகிறவருக்குப் போய்ச் சேரும் குறை இது.

சரி, 4 எங்கிருந்து வருகிறது? "விலகல்கள் கூட்டினால் பூச்சியம் வரும், ஆகவே நான்கு தெரிந்தால் ஐந்தாவது தானாகத் தெரியும், சுயாதீனமானவை நான்குதான்" என்று வகுப்பில் சொல்லித் தருவார்கள். அது உண்மை. ஆனால் அதற்காக ஏன் நான்கால் வகுக்க வேண்டும் என்ற கேள்விக்கு அதில் எனக்கு விடை கிடைத்ததேயில்லை. விடை எனக்குப் புரிந்தது தராசுப் பக்கத்தில்தான்.

அந்த வரிசையில் பட்டியில் ஓடும் ஒவ்வொரு பக்கெட்டையும் நிறுத்துப் பதியும் செக்வெயர் ஒன்று இருக்கிறது. அன்றைய இரவு ஷிப்ட் முழுவதன் சராசரி 101 என்று அதில் இருந்தது. எங்கள் ஐந்து பக்கெட்டும் தற்செயலாகக் கொஞ்சம் கனமானவையாக அமைந்துவிட்டன. மெஷின் உண்மையில் சுற்றி ஆடிக்கொண்டிருந்த புள்ளி 101. அதிலிருந்து விலகல்களை எடுத்துப் பாருங்கள்: 0, 2, −1, 3, 1. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 15. நாங்கள் கணக்கிட்டது 10 மட்டுமே.

இது அன்று மட்டும் நடந்த விஷயமல்ல. வர்க்கங்களின் கூட்டுத்தொகையை மிகச் சிறிதாக்கும் புள்ளி எதுவென்று தேடினால், அது அந்த ஐந்தின் சொந்தச் சராசரிதான். வேறு எந்தப் புள்ளியிலிருந்து அளந்தாலும் கூட்டுத்தொகை கூடும். ஆகவே உண்மையான மையம் தெரியாமல், ஐந்து பக்கெட்டிடமே மையத்தைக் கேட்டு, அதிலிருந்து அவற்றின் விலகலை அளந்தால், விடை எப்போதும் குறைந்த பக்கமே சாயும்.

எவ்வளவு குறையும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 15க்கும் 10க்கும் உள்ள இடைவெளி 5. மாதிரிச் சராசரி உண்மையான மையத்திலிருந்து தள்ளி நிற்பது 1 கிராம், அதன் வர்க்கம் 1, அதை பக்கெட் எண்ணிக்கையால் பெருக்கினால் 5. μ உண்மையான மையம், x̄ மாதிரிச் சராசரி, n பக்கெட் எண்ணிக்கை என்றால், இது எப்போதும் பொருந்தும்:

```
Σ(x − μ)² = Σ(x − x̄)² + n(x̄ − μ)²
```

மெஷினின் மாறற்றிறனை, அதாவது நியம விலகலின் வர்க்கத்தை, σ² என்போம். n பக்கெட்டுகளின் சராசரி மையத்தைச் சுற்றி ஆடும் மாறற்றிறன் σ²/n. கடைசி உறுப்பில் அதை n ஆல் பெருக்குகிறோம், n வெட்டுப்பட்டுப் போகிறது. ஆகவே குறைவது சராசரியாக ஒரு σ², ஐந்து நிறுத்தாலும் ஐம்பது நிறுத்தாலும் அதே ஒன்றுதான். இடப்பக்கம் சராசரியாக nσ², அதிலிருந்து ஒரு σ² போக, கையில் மிஞ்சுவது (n−1)σ². அதை n−1ஆல் வகுத்தால்தான் σ² கிடைக்கும். ஜேர்மானிய வானியலாளர் பெசெல் பெயரால் இதை பெசெல் திருத்தம் என்கிறார்கள்.

அந்தத் தங்கச்சிக்கு இதைச் சின்னக் கணக்காகப் போட்டுக் காட்டினேன். மெஷின் 100, 102, 104 என்று மூன்று நிறைகளை மட்டும், சம வாய்ப்போடு தருகிறது என்று வையுங்கள். அதன் மாறற்றிறன் (4+0+4)/3, அதாவது 8/3. இனி இரண்டிரண்டு பக்கெட்டாக எடுத்தால் ஒன்பது சோடிகள் வரலாம். மூன்று சோடிகளில் இரண்டும் ஒரே நிறை, வர்க்கக் கூட்டுத்தொகை 0. நான்கு சோடிகளில் வித்தியாசம் 2 கிராம், கூட்டுத்தொகை 2. மீதி இரண்டில் வித்தியாசம் 4, கூட்டுத்தொகை 8. எல்லாம் சேர்த்து 24, ஒன்பதால் வகுத்தால் சராசரி 8/3. சோடியில் இரண்டு பக்கெட் இருப்பதால் 2ஆல் வகுத்தால் 4/3, உண்மையான மாறற்றிறனில் பாதிதான். 2−1 ஆகிய 1ஆல் வகுத்தால் 8/3, அப்படியே உண்மை. அவள் ஒன்பது சோடியையும் தானே எழுதிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினாள்.

n ஆல் வகுப்பதும் சில இடங்களில் சரிதான். செக்வெயரில் பதிந்த பக்கெட்டுகளே எங்களுக்கு வேண்டிய முழுத் தொகுதி என்றால் n. மையம் 101 என்று வேறொரு வழியில் ஏற்கெனவே தெரிந்து, ஐந்தின் விலகலை அதிலிருந்து அளந்தாலும் n, ஏனென்றால் அங்கே மையத்தை அந்த ஐந்திடம் கேட்கவில்லை. அதே காரணத்தால், இருபது மணி நேர மாதிரிகளை, ஒவ்வொரு ஐந்துக்கும் அதனதன் சராசரியிலிருந்து விலகல் எடுத்து ஒன்றுசேர்க்கும்போது, நூறில் ஒன்றைக் கழித்து 99ஆல் வகுப்பது பிழை. இருபது தடவை மையத்தைக் கேட்டிருக்கிறோம், ஆகவே வகுக்க வேண்டியது 80ஆல். இந்தப் பிழையை நான் அனுபவமுள்ளவர்களின் தாளிலும் பார்த்திருக்கிறேன்.

இந்தத் திருத்தத்தால் முடியாததும் உண்டு. அது சரிசெய்வது மாறற்றிறனை. வர்க்கமூலம் எடுத்ததும் மறுபடி கொஞ்சம் குறையும். ஐந்து பக்கெட் மாதிரியில் சராசரியாக உண்மையின் 0.94 மடங்குதான் வரும். அதைவிடப் பெரிய விஷயம், ஐந்து என்ற எண்ணிக்கையே சிறியது. செவ்வன் பரம்பலில் 95 சதவீத நம்பிக்கை வீச்சைக் கணக்கிட்டால், எங்கள் 1.58க்குப் பின்னால் இருக்கும் உண்மை 0.95 ஆகவும் இருக்கலாம், 4.5 ஆகவும் இருக்கலாம். அதனால்தான் ஒரு மணி நேரத்து ஐந்தை வைத்து மெஷினைத் திருப்ப வேண்டாம், இருபது மாதிரிகளாவது சேரட்டும் என்று ஷிப்டில் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

கடைசியாக, எந்தப் பொத்தான் என்ன செய்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எக்செலில் `STDEV.S` n−1ஆல் வகுக்கும், `STDEV.P` n ஆல் வகுக்கும். ஒரேயொரு நிறையைக் கொடுத்தால் `STDEV.S` `#DIV/0!` காட்டும். பக்கெட் ஒன்றை வைத்து ஆட்டத்தை அளக்க முடியாது என்பதால் அது நேர்மையான விடை. `STDEV.P` அதே இடத்தில் 0 என்று எழுதும். பைதனில் எழுதுகிறவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும்:

```
np.std(x)          # n
np.std(x, ddof=1)  # n-1
pd.Series(x).std() # n-1
```

எங்கள் தாளில் இப்போது "நியம விலகல்" என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் sx என்று அச்சிட்டிருக்கிறோம்.