இரவு 9 மணிக் காபியும் காலை நாடித்துடிப்பும்

தணிக்கை அலுவலகத்தில் பணிபுரியும் 42 வயதுக்காரர் ஒருவர், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 95-ஐ ஒட்டியே இருக்கிறது என்ற கவலையுடன் என்னிடம் வந்தார். பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இயல்பு என்றாலும், மாதக்கணக்கில் மேல் எல்லையிலேயே நிற்கும் நாடியை நான் அப்படியே விட்டுவிடுவதில்லை. இரத்தசோகை, தைராய்டு மிகைச் சுரப்பு, சில ஆஸ்துமா மருந்துகள் ஆகியவையும் நாடியை உயர்த்தும் என்பதால், ஹீமோகுளோபின், தைராய்டின் நிலையைக் காட்டும் டி.எஸ்.எச்., இ.சி.ஜி. ஆகியவற்றை முதலில் பார்த்தோம். எல்லாம் சரியாக இருந்த பிறகே அவருடைய அன்றாடத்தை விசாரித்தேன்.

நாளுக்கு 5 டம்ளர் ஃபில்டர் காபி, அதில் கடைசி டம்ளர் இரவு 9 மணிக்கு. படுப்பது 1 மணி, எழுவது 6 மணி. போதாததற்கு, கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நொடிக்கொரு தரம் பார்த்து, அந்தப் பதற்றத்திலேயே நாடியை மேலும் ஏற்றிக்கொண்டிருந்தார். கடிகாரத்தைக் கழற்றிவைக்கச் சொன்னேன். காலையில் எழுந்ததும், காபிக்கு முன், 5 நிமிடம் அமைதியாக அமர்ந்து, கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல்களை மெல்ல வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒருநாள் கணக்கை நம்பாமல், வாரச் சராசரியை மட்டுமே நாங்கள் பார்த்தோம்.

நாள்தோறும் காபி குடிப்பவரின் உடல் அதற்குப் பழகிவிடுவதால், அது நேரடியாக நாடியை உயர்த்துவது குறைவுதான்; தூக்கத்தைக் கெடுப்பதே பெரிய தீங்கு என்பது என் கணிப்பு. உடலில் காஃபீன் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும் என்பதால், 9 மணிக் காபியில் பாதி நள்ளிரவு தாண்டியும் இரத்தத்தில் இருக்கும். தூக்கம் குறைந்த உடலில், இதயத்தை விரைவாகத் துடிக்கவைக்கும் பரிவு நரம்புகளின் வேகம் தணியாமல், மறுநாளும் நாடி விரைவாகவே ஓடுகிறது. அந்தச் சோர்வைப் போக்க மீண்டும் காபி.

ஆகவே கடைசிக் காபியை முதலில் பிற்பகல் 2 மணிக்கு முன் நகர்த்தினோம். பிறகு வாரத்திற்கு ஒரு டம்ளர் வீதம் குறைத்துக்கொண்டே வந்து, நாளுக்கு 2 டம்ளரில் நிறுத்தினோம். முன்பு ஒருமுறை அவர் ஒரேயடியாக நிறுத்திப் பார்த்து, தலைவலி தாங்காமல் மூன்றாம் நாளே பழைய கணக்குக்குத் திரும்பியிருந்தார். விடுமுறை நாளிலும் 6 மணிக்கே எழுவது, 10:30 மணிக்குப் படுப்பது, படுக்கும் முன் 10 நிமிடம் 4 நொடி மூச்சை இழுத்து 6 நொடி வெளியே விடுவது ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டார்.

முதல் மாதச் சராசரி 92, அவர் சோர்ந்துபோனார். மூன்றாம் மாதம் 86, ஐந்தாம் மாதம் 81. கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தில், தூக்கம் குறைந்தபோது 89-க்கு ஏறி, ஏப்ரலில் மீண்டும் இறங்கியது. ஓய்விலும் நாடி 100-ஐத் தாண்டி நீடித்தாலோ, தாறுமாறாகத் துடித்தாலோ, மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் சேர்ந்தாலோ இவ்வாறு மாதக்கணக்கில் காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்பதையும் அவருடைய குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தேன்.